ஒரு கப் சோறு

பதினாலு மாடிக் கட்டடத்துல கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவன் நான். என்னைக் கொண்டுபோய் ஆபீஸ்ல உட்கார வெச்சு, வர்ற போனை எடுன்னா வயிறு எரியாதா? பெல்ட்டு தாங்குறது கருவியோட சேர்த்து நூறு கிலோ. கருவி ஆறு, நான் தொண்ணூத்தெட்டு. "மூணு மாசத்துல நாலு கிலோவாவது குறை, இல்லன்னா நிரந்தரமா போன்தான்"னுட்டார் சூப்பர்வைசர்.

ஆஸ்பத்திரியில உணவு ஆலோசகர் மேடத்தைப் பார்க்க வீட்டுக்காரியோட போனேன். சோத்தை நிறுத்தச் சொன்னா எழுந்து வந்துடறதுன்னு முடிவோடதான் போனேன். அவங்களோ, "எதையும் நிறுத்த வேணாம். வீட்டுச் சமையலே போதும், அளவுதான் மாறணும்"னாங்க. தட்டுல பாதி காய், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்கு ஒரு கப் சோறு. கப்பையும் அவங்களே கொடுத்தாங்க. மகராசி!

ஒரு மாசம் வீட்டுல போட்டதுக்கு மேல ஒரு வாய் வாங்கல. ஆஸ்பத்திரிக்குப் போய் எடை மெஷின்ல ஏறினா அதே தொண்ணூத்தெட்டு! எனக்கு வந்துச்சே கோபம்.

"உங்க கப்பும் வேணாம், உங்க தட்டும் வேணாம்! நாக்கைக் கட்டினதுதான் மிச்சம்!"

மேடம் அசரல. என் வீட்டுக்காரியைப் பார்த்து, "எப்படிம்மா அளக்கறீங்க?"ன்னாங்க.

"இந்தக் கப்புலதாங்க. வேளைக்கு ஒரு கப் அரிசி, இவருக்குன்னு தனியா வேக வெச்சுடறேன்."

"அரிசியா? நான் சொன்னது வெந்த சோறும்மா! ஒரு கப் அரிசி வெந்தா மூணு கப் சோறு வருமே!"

மேடம் சிரிச்ச சிரிப்புல பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாங்க. நான் மட்டும் என்ன யோக்கியமா? மலை மாதிரி சோறு குவிஞ்சிருந்தும், கப்புல அளந்ததுதானேன்னு கமுக்கமா தின்னவன்தானே. காயெல்லாம் ஓரத்துல ஒண்டிக்கிட்டு இருக்கும்.

மறுநாள் வெந்த சோத்துல ஒரு கப் விழுந்துச்சு. "இது யாருக்கு, பொம்மைக்கா?"ன்னு கத்தினேன். அப்புறம் காயும் மீனும் வந்து தட்டை நிரப்பினதும் வாயை மூடிக்கிட்டேன். வயிறும் நிறைஞ்சுது. ஒன்பதாவது வாரம் ஆபீஸ்ல இருந்த எடை மெஷின் தொண்ணூத்திமூணரை காட்டுச்சு. அங்கேயே குதிச்சேன். சூப்பர்வைசர், "டேய், தரை போயிடும்டா!"ன்னார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவ சிரிச்சா, உடனே கண்ணு கலங்கிட்டா.

"ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. அவங்க சொன்னது சோறுதான்னு எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சேதான் அரிசியை அளந்தேன்."

"என்னடி சொல்றே?"

"நீங்க தரையில வேலை பார்த்தப்போதான் நான் நிம்மதியா இருந்தேன். ஆனா போன் பக்கத்துல உங்க முகம் வாடிப்போனதைப் பார்க்க முடியல. அதான் அன்னிக்கு மேடம் கேட்டதும் ஒளிக்காம சொல்லிட்டேன்."

பதினெட்டு வருஷமா நான் தொங்கின கயித்துலயே இவளும் தொங்கிக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே!

"நாளைக்கு எத்தனாவது மாடி?"ன்னு கேட்டா.

"பத்து."

"கொக்கியை ரெண்டு தடவை பார்த்து மாட்டுங்க."

"மூணு தடவை பார்க்கறேன்"னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.