பயோடேட்டாவின் கீழே மிஞ்சிய இடம்

காலேஜுக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் பயோடேட்டா ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்றன. வாழ்க்கையில் செய்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எப்படி அடக்குவது என்று எங்கள் வகுப்பில் ஒருவனும் கவலைப்படவில்லை. அந்தப் பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கவலை.

பம்பாய் மாட்டுங்காவில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததால் பாதி வகுப்புக்கு நான்தான் எழுதிக்கொடுத்தேன். அதனால் பாதி வகுப்பு கடின உழைப்பாளிகளாகவும், சதுரங்கப் பிரியர்களாகவும், சவால்களை விரும்புகிறவர்களாகவும் இருந்தது. அவர்களில் மூன்று பேருக்குத்தான் குதிரை எப்படி நகரும் என்று தெரியும்.

நாகூர் மீரானுக்கும் எழுதினேன். அவன் தாராவிக்காரன், என் தெருக்காரன். மற்றவர்களுக்குக் காலேஜில் வேலை கிடைக்காவிட்டால் வெளியே அடுத்தது. அவனுக்கு அடுத்தது இல்லை. மெக்கானிக்கல் பையன்களைக் கேட்டு அந்த வருஷம் வரவிருந்த கடைசி கம்பெனி, டிராம்பே பக்கம் பம்பு செய்கிற கம்பெனி. அது கைவிட்டால், அவன் மாமா முகம்மது ஹனீப் சவூதியில் தம்மாம் ஊரில் ஸ்டோர் கீப்பர் விசா தயாராக வைத்திருந்தார். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜெண்டிடம் போயிருந்தது. "காலேஜுல ஒண்ணும் தெகையலன்னா விசா மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போயிரணும், சரியா?" என்று மாமா கேட்டதற்கு மீரான் தலையாட்டியும் விட்டான்.

பெயர், முகவரி, வருஷவாரியாக மதிப்பெண், ஒரு மாதத் தொழிற்சாலைப் பயிற்சி, புராஜெக்ட், சதுரங்கம். எல்லாம் எழுதியும் தாளின் கால்பங்கு காலியாக நின்றது.

"ஒங்க வாப்பா பட்டறையப் போடுவமால?" என்றேன். "மிஷின் எல்லாம் நீதான பாக்க?"

"சும்மா கெடல. தோல் பை தைக்கிற எடத்துல ஸ்க்ரூ முடுக்குறதப் போய் எஞ்சினியர் வேலைக்கு எழுதவா? சிரிப்பானுவல."

காலியாகவே இருக்கட்டும் என்று முடிவானது.

டைப் அடிக்கக் கொடுத்தது எங்கள் தெருவிலேயே டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த நம்பிராஜன் அண்ணாச்சியிடம். அவருக்குச் சோறு போட்டது வேலை தேடுகிறவர்கள் அல்ல, வரன் தேடுகிறவர்கள். செம்பூர் முதல் சீத்தா கேம்ப் வரை எத்தனையோ கல்யாணங்கள் அவருடைய ரெமிங்டன் மிஷினில் தொடங்கியவை. தாளின் கீழே வெள்ளையாக இடம் இருந்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம், அது டைப் அடித்தவனுக்கும் கேவலம் என்பது அவர் கொள்கை. இதை நாங்கள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம்.

பயோடேட்டா கொடுக்கக் கடைசி நாள் காலையில் மீரான் போய்த் தாளை வாங்கினான். பெயரும் மதிப்பெண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தான். கீழே பார்ப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, வேலைவாய்ப்பைக் கவனித்துக்கொண்ட ஜகந்நாதன் சாரிடம் கொடுத்துவிட்டான்.

எழுத்துத் தேர்வு நடந்தது. கம்பெனி என்னை அத்துடன் விடுவித்தது. மீரான் நேர்முகத்துக்குத் தேறினான்.

நேர்முகத்தன்று காலை அவனுக்குத் தைரியம் சொல்ல நானும் போனேன். டிராயிங் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, புராஜெக்டை மனப்பாடம் செய்ய அவன் தன் பயோடேட்டா பிரதியை எடுத்தான். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை.

"வானமாமலை, இது நீயால எழுதின?"

வாங்கிப் பார்த்தேன். சதுரங்கத்துக்குக் கீழே, என் ஆங்கிலத்தைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருந்தது. நிறம் மாநிறம். கெட்ட பழக்கங்கள் கிடையாது. தங்கைகள் இருவர், அவர்கள் பொறுப்பு தந்தையுடையது. தாராவியில் சொந்தப் பட்டறை, தோல் தைக்கும் மிஷின்கள் உண்டு. அவை அனைத்தையும் பையனே பழுது பார்க்கிறார், வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்ட வழக்கமில்லை.

"பொண்ணு கேக்கப் போறேன்ல நான்," என்றான் மீரான். முகம் வெளுத்திருந்தது. மாநிறம் என்று இப்போது எழுதினால் பொய்.

ஜகந்நாதன் சாரிடம் ஓடினோம். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பாடம் நடத்துகிறவர். எதற்கும் அசைய மாட்டார்.

"சார், வேற அடிச்சுத் தந்துடறேன் சார்," என்றான் மீரான்.

"பேப்பர் அவா கைக்குப் போயாச்சேடா. இனிமே மாத்தறதாவது." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மீரானின் பிரதியைப் படித்தார். "இதுல எது பொய்?"

"பொய் ஒண்ணும் இல்ல சார்."

"பின்னே எதுக்கு இப்படி வேர்க்கறது? நான்லாம் என் பயோடேட்டால வெயிட் கூடப் போட்டிருந்தேன். யாரும் தூக்கிப் பாக்கல. போ, உன் பேரைக் கூப்பிடறா."

உள்ளே நடந்ததை மீரான் வெளியே வந்து சொன்னான். இரண்டு பேர். இளையவர் ஆள் எடுக்கிற பெர்சனெல் ஆபீசர், டை கட்டியவர். மூத்தவர் வொர்க்ஸ் மேனேஜர், நகக்கண்ணில் கிரீஸ் உள்ளவர். டை கட்டியவர் புராஜெக்டிலிருந்து ஆரம்பித்தார். தலைப்பு, வெளியே தகடுகள் வைத்த குழாயில் வெப்பப் பரிமாற்றம். ஐந்து பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட், அதில் கணக்கு போட்டவன் ஒருவன், மீரான் படம் வரைந்தவன். இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டான். "படம் நான் வரைஞ்சேன் சார், கணக்கு இன்னொருத்தர்" என்று உள்ளதைச் சொன்னானாம். டை கட்டியவர் ஏதோ குறித்துக்கொண்டார். மீரானுக்குத் தம்மாம் தெரிந்தது.

அப்போது மூத்தவர் தாளின் அடியில் விரலை வைத்தார். "கெட்ட பழக்கம் இல்லையாமே. யார் சொன்னது?"

"டைப் அடித்தவர் சார்."

மூத்தவர் சிரிக்கவில்லை. பட்டறை வரிக்குப் போனார். "தையல் விட்டுவிட்டு விழுகிறது. முதலில் எதைப் பார்ப்பாய்?"

"ஊசியை சார். வளைந்திருக்கும், மழுங்கியிருக்கும், இல்லை முழுக்க ஏற்றாமல் மாட்டியிருப்பார்கள். முக்கால்வாசி அதுதான். புது ஊசி போட்டும் தையல் விட்டால்தான் கொக்கியைத் தொடுவேன். ஊசி இறங்கி ஏற ஆரம்பிக்கும்போது கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூ தளர்ந்தால் அது முன்னே பின்னே ஆகிவிடும்."

"ஏன் கொக்கியை முதலிலேயே தொடக்கூடாது?"

"சரியாக இருந்ததைக் கலைத்துவிட்டால் அன்றைக்கு வேலை போச்சு சார். வாப்பா கத்துவார்."

பிறகு மேனேஜர் பம்புக்கு வந்தாராம். மோட்டாரும் பம்பும் சேர்ந்து அதிர்கின்றன, என்ன செய்வாய் என்று. அடித்தகடு போல்ட் இறுக்கமாக இருக்கிறதா பார்ப்பேன், அப்புறம் இரண்டின் சுழல்தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா பார்ப்பேன், பம்பைப் பிரிப்பது கடைசி என்றிருக்கிறான். அதற்கு மேல் கேள்விகள் எல்லாம் பட்டறையைப் பற்றித்தான். சதுரங்கத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் போன எட்டுப் பேரிடம் கேட்டுக் களைத்திருக்க வேண்டும்.

"நான் ரொம்பப் பேசிட்டேன்ல," என்றான் மீரான். "கடைசில அவருகிட்ட, உங்க பம்புல எந்த கிரீஸ் போடுவீங்கன்னு நானே கேட்டுட்டேன்."

"சொன்னாரா?"

"சொன்னாரு. அதான் பயமா இருக்கு."

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். நான் பேசிப் பார்த்தேன். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ஜகந்நாதன் சார் வெளியே வந்து, கையிலிருந்த துண்டுச் சீட்டிலிருந்து நான்கு பெயர்களை வருகைப் பதிவு எடுக்கிற குரலில் வாசித்தார். நான்காவது பெயர் மீரானுடையது. உள்ளேன் ஐயா என்று சொல்லப்போகிறவன் மாதிரி அவன் எழுந்து நின்றான்.

"டிரெயினியா எடுத்திருக்காடா. ஆர்டர் தபால்ல வரும்," என்றார் சார். "பாஸ்போர்ட் எங்கேயோ குடுத்திருக்கேன்னியே, போய் வாங்கிண்டு வா."

மீரான் மறுபடி உட்கார்ந்தான். முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றித் தலையைக் கவிழ்த்தான். அழுகிறானோ என்று குனிந்தேன். இல்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"என்னல?"

"பசிக்குது," என்றான்.

காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ஸ்டேஷன் எதிரே உடுப்பிக்காரர் கடையில் உட்கார்ந்தோம். இட்லியைத் தின்றான், வடையைத் தின்றான், என் தட்டிலிருந்த வடையையும் தின்றான். சர்வர் வந்து, "அவுர் குச்?" என்றான், வேறென்ன வேண்டும் என்று. மீரான் வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை. ஒரு விரலை உயர்த்தி, மசால் தோசை எழுதியிருந்த பலகையைக் காட்டினான்.