உலகம்மை அக்கா கட்டிய நாலாயிரத்து எண்ணூறு

தென்காசியில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடை என்னுடையது. சில வேளை அவசரத்தில் ஒன்றின் பூ வேலைப்பாடு மற்றதில் போய் உட்கார்ந்துவிடும். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. எல்லாரும் தங்கள் பேர் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஊர் இது. அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சுந்தரபாண்டியன் அண்ணாச்சி நடத்துகிற சீட்டுக் கம்பெனிக்கு மாதாமாதம் நோட்டீஸ் அடிப்பது நான்தான். அண்ணாச்சி போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் முதல் தகவல் அறிக்கை எழுதிய கை. பென்ஷன் வந்த பிறகும் அந்தக் கையை அவரால் நிறுத்த முடியவில்லை. "மேற்படி குழுவின் மேற்படி ஏலமானது மேற்படி அலுவலகத்தில்" என்று அவர் எழுதிக்கொண்டு வந்தால், படிக்கிறவனுக்கு யாரையோ கைது செய்யப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அடித்துக் கொடுத்துவிடுவேன். ஒரு நோட்டீஸுக்கு முந்நூறு ரூபாய் மானம் போதும் எனக்கு.

ஏப்ரல் பத்தாம் தேதி மத்தியானம் உலகம்மை அக்கா கடைக்குள் வந்த வேகத்தில் மின்விசிறி நின்றுவிட்டது என்று நினைத்தேன். கரண்ட்தான் போயிருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் பழக்கடை வைத்திருக்கிறவள். சீசனுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும், மற்ற நாளில் வாழைப்பழம். கையில் நான் அடித்த நோட்டீஸ் சுருண்டு கிடந்தது.

"ஏ கிதிரு, இத எழுதுனவன் யாரு?"

"எழுதுனது அண்ணாச்சி. அடிச்சது மட்டும் நானு யக்கா."

"அப்ப அடி ரெண்டு பேருக்கும் உண்டு."

விஷயம் இதுதான். இருபத்தைந்து பேர் சேர்ந்த சீட்டு. ஆளுக்கு மாதம் எட்டாயிரம், ஆகமொத்தம் இரண்டு லட்சம். ஏலத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. அந்த விட்டுக்கொடுக்கிற தொகைக்குத் தள்ளு என்று பேர். தள்ளில் சீட்டு நடத்துகிற ஃபோர்மேனுக்கு, அதாவது அண்ணாச்சிக்கு, கமிஷன் பத்தாயிரம் போக, மீதியை இருபத்தைந்து பேருக்கும் பங்கு போட்டு அடுத்த தவணையில் கழிப்பார்கள். அதுதான் லாபம். மார்ச்சில் தள்ளு ஐம்பதாயிரம். ஆளுக்கு லாபம் ஆயிரத்து அறுநூறு. ஆகவே ஏப்ரலில் கட்ட வேண்டியது ஆறாயிரத்து நானூறு.

மார்ச் வரைக்கும் நோட்டீஸில் தவணை எட்டாயிரம் என்று போட்டு, கீழே லாபத்தைப் போடுவோம். ஜனங்கள் தாங்களே கழித்துக் கட்டுவார்கள். ஏப்ரலில் அண்ணாச்சிக்கு நவீனம் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரில் கணக்கு வந்ததும், கழித்த தொகையையே தவணை என்று போட்டார். கீழே வழக்கம்போல லாபம். தவணை 6,400. லாபம் 1,600. பழக்க தோஷத்தில் ஜனங்கள் இன்னொரு தடவை கழித்தார்கள். உலகம்மை அக்கா போனில் கட்டியது நாலாயிரத்து எண்ணூறு.

"ஏலம் கேக்கப் போனா, 'ஒங்க பேருல பாக்கி நிக்கி, கேக்கக் கூடாது'ங்கான். எத்தனை பேருக்கு முன்னால! பதினோரு மாசம் ஒரு நாள் பிந்திக் கட்டிருப்பனா நான்?"

பாக்கி உள்ளவர் ஏலம் கேட்க முடியாது. ஒப்பந்தத்திலேயே உண்டு. ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு அந்தச் சீட்டு தேவையாயிருந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளத்தாரின் தோட்டம். மங்குஸ்தான் காய்ப்பை மொத்தமாகப் பேசியிருந்தாள். மே இருபதாம் தேதிக்குள் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் மரம் வேறு ஆளுக்கு. மரம் போனால், சீசனில் மற்ற வியாபாரிகளிடம் வாங்கி விற்று, அவர்கள் வயிற்றை நிரப்ப வேண்டியதுதான்.

"சரி யக்கா, நோட்டீஸ ஒழுங்காப் படிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன். வாய்க்கொழுப்பு.

"நீ எவ்வளவு கட்டுன?"

நானும் அந்தச் சீட்டில் ஒரு ஆள். போனை எடுத்துப் பார்த்தேன். நாலாயிரத்து எண்ணூறு. நானே எழுத்து எழுத்தாக அடித்து, இரண்டு முறை சரிபார்த்து, ஓரத்தில் மயில் பார்டர் போட்ட நோட்டீஸ். அக்கா திட்டவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

அன்றைய ஏலம் எப்படிப் போனது என்பதை அண்ணாச்சியே பெருமையாகச் சொன்னார். இன்னும் சீட்டு எடுக்காத பதினைந்து பேரில் ஒன்பது பேர் பாக்கி. மிச்சம் ஆறு பேரில் வாய் திறந்தது இரண்டே பேர். முப்பதாயிரம் தள்ளில் முடிந்துவிட்டது. கமிஷன் பத்தாயிரம் போக இருபதாயிரம், ஆளுக்கு லாபம் எண்ணூறு. எல்லாருக்கும் பாதி லாபம் போயிற்று. கமிஷன் பத்தாயிரம் மட்டும் அப்படியே நின்றது. சட்டப்படியான நிற்பு.

ஏப்ரல் கடைசியில் அண்ணாச்சி மே மாத நோட்டீஸோடு வந்தார். மேற்படி, மேற்படி, மேற்படி. தவணை ரூ.7,200. லாபம் ரூ.800.

"அண்ணாச்சி, இத மாத்தி எழுதணும்."

"எத?"

"எல்லாத்தையும்."

"வே பாய், நான் எழுதுன சார்ஜ் ஷீட்டுல ஜட்ஜே ஒரு கமா மாத்துனதில்ல."

"குற்றவாளிக்குப் புரியாம இருந்தா நமக்கு லாபம். இங்க கட்டுதவனுக்குப் புரியணும்லா?"

முந்தின ராத்திரியே நான் எழுதிவைத்திருந்ததை நீட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மயில் பார்டர் இல்லாமல் எழுதியது.

"பன்னிரண்டாவது ஏலம் மே 10, காலை 11 மணி, நம் அலுவலகம். மாதத் தவணை ரூ.8,000. போன ஏலத்தில் உங்களுக்குக் கிடைத்த லாபம் ரூ.800. அதைக் கழித்துவிட்டோம். நீங்கள் கட்ட வேண்டியது ரூ.7,200. இதில் மறுபடி எதையும் கழிக்க வேண்டாம். ஏப்ரலில் ரூ.4,800 கட்டியவர்கள் பாக்கி ரூ.1,600 சேர்த்து ரூ.8,800 கட்டினால்தான் ஏலம் கேட்க முடியும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார். ஏதோ தாளில் துப்பிக் கொடுத்தது போல முகம்.

"இது நோட்டீஸா, பலசரக்குச் சீட்டா? ஒரு கம்பீரம் வேண்டாமா? 'மறுபடி கழிக்க வேண்டாம்'னு போட்டா, போன மாசம் நம்ம நோட்டீஸ் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா இருக்கு."

"தப்புதான அண்ணாச்சி."

"தப்பு படிக்கத் தெரியாத சனத்து மேல. பழம் விக்கிற பொம்பளைக்கும் டிவிடெண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒம்பது பேரும் முட்டாப் பயலுவ."

அந்த ஒன்பதில் நானும் ஒருவன் என்று சொல்ல வாய் வந்தது. தொழில் தர்மம் தடுத்தது. அதாவது, அடுத்த மாத முந்நூறு ரூபாய். பாக்கிப் பட்டியல் அவர் பைலின் மேலேயே இருந்தது. டிக்கெட் நம்பர் மட்டும்; பெயர் கிடையாது. போலீஸில் இருந்தவருக்கு ஆளைவிட நம்பர்தான் பழக்கம். அதில் ஒரு நம்பர் எனக்கும் பழக்கம்.

"அண்ணாச்சி, பதினேழாம் நம்பர் யாரு?"

"எவனாவது இருப்பான்."

"பாருங்களேன்."

லெட்ஜரைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் போனை எடுத்தார். ஸ்பீக்கர் தானாக ஆன் ஆனதா, கை தவறி அழுத்தினாரா என்று தெரியவில்லை.

"ஏட்டி ரெங்கம்மா, போன மாசச் சீட்டுக்கு எவ்வளவு கட்டுன?"

"நாலாயிரத்து எண்ணூறு. ஏன், நோட்டீஸுல தவணை போட்டு, கீழ லாபம் போட்ருந்தீயள்ல. கழிச்சேன்."

"கழிச்சுத்தாம்ட்டி போட்ருந்தேன்!"

"அத எங்கன எழுதிருந்திய? கல்யாணம் ஆன நாள்லேருந்து லாபத்தக் கழிச்சுக் கட்டணும்னு சொல்லித் தந்தது நீங்கதான. ஸ்டேஷன்ல எழுதுன மாதிரியே எழுதுனா எவளுக்கு வெளங்கும்?"

போனை வைத்துவிட்டு நான் எழுதிய தாளை மறுபடி எடுத்தார்.

"அடியும்," என்றார். "தலைப்புல மட்டும் ஒரு 'மேற்படி' போட்டுக்கிடுதேன்."

"தலைப்புக்கு மேல ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி."

"இல்லாட்டி என்ன? போடும்."

போட்டேன். மனிதருக்கு ஏதாவது மிச்சம் வேண்டுமில்லையா.

மே பத்து. அலுவலகத்தில் நாற்காலி போதவில்லை. பாக்கி என்று ஒருவர்கூட இல்லை. சீட்டு எடுக்காத பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். உலகம்மை அக்கா எட்டாயிரத்து எண்ணூறு கட்டிய ரசீதைப் புடவை முந்தியில் முடிந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு எடுத்தால் மீதித் தவணைகளுக்குக் காட்ட வேண்டிய ஜாமீனுக்கு, ஆயுதப் படையில் இருக்கும் அவள் தங்கச்சி மகன் சம்பளச் சான்றுகூட வாங்கி அனுப்பியிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் எழுத்தால் ஒரு அலுவலகமே நிறைந்துவிட்டது என்று பின்வரிசையில் தொடை தட்டிக்கொண்டேன். ஏலம் ஆரம்பித்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது.

பாக்கி இல்லாத எல்லாரும் கேட்கலாம். கேட்டார்கள். முப்பதாயிரம் ஒரே மூச்சில் தாண்டியது. நாற்பது. நாற்பத்தைந்து. கடைசியில் எதிர் நின்றது ரெங்கம்மாள் ஒருத்திதான். மகளுக்கு வளையல் எடுக்க வேண்டுமாம்.

"அம்பதாயிரம்," என்றாள் உலகம்மை அக்கா. அதற்கு மேல் போனால் ஒன்றரை லட்சம் கைக்கு வராது.

"அம்பத்தொண்ணு," என்றாள் ரெங்கம்மாள்.

அண்ணாச்சி மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. அக்கா ஒரு தடவை திரும்பிப் பின்வரிசையில் என்னைப் பார்த்தாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

"அம்பத்திரண்டு."

ரெங்கம்மாள் போதும் என்று கையை விரித்தாள். மூன்று முறை கூப்பிட்டு, அண்ணாச்சி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.

படியிறங்கும்போது அக்கா பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் நான் கேட்ருந்தா முப்பத்தோராயிரத்துல முடிஞ்சிருக்கும். ஒரு லட்சத்து அறுபத்தொம்பதாயிரம் கைக்கு வந்திருக்கும். இப்படி ஊருக்கெல்லாம் வெளங்குற மாதிரி எழுதுனா நான் எப்படிடே எடுக்க?"

"தப்புதான் யக்கா."

"எது தப்பு? அதுவா, இதுவா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். கமிஷன் போக நாற்பத்திரண்டாயிரம் அவள் கையிலிருந்து எங்கள் இருபத்தைந்து பேருக்கும் பிரிகிறது. ஆளுக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது. அதில் என் பங்கும் உண்டு. அட்வான்ஸுக்கு அவளுக்குக் குறைவது இரண்டாயிரம்.

"யக்கா, தப்பா நெனைக்காத. என் லாபம் ஆயிரத்து அறுநூத்தி எம்பது இருக்குலா. அத நீ வச்சுக்கோ."

அக்கா நின்றுவிட்டாள். கண் கலங்குகிறாள் என்று நினைத்து நானும் கலங்கத் தயாரானேன்.

"அட கூறுகெட்டவனே. அது கையிலயா வரும்? அடுத்த மாசத் தவணையிலதான் கழியும். இதையும் அந்த நோட்டீஸுல தப்பா எழுதித் தொலைச்சுராத. ரெண்டாயிரம் வாழப்பழத்துல பொரட்டிருவேன். வா, ஜாமீன் பாரத்த நிரப்பித் தா. எழுதுனதும் சத்தமா வாசிச்சுக் காட்டு, வரி வரியா."

வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரி விளங்கவில்லை என்று ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். அடித்துத் திருத்தினேன்.