மதியம் பன்னிரண்டு மணி வெயில்

வெயிலின் விலை இரண்டு கறவை மாடு. வானத்திலிருந்து இலவசமாகக் கொட்டுகிற சரக்குதான். ஆனால் அதைப் பிடித்துக் கிணற்றுப் பம்புக்குள் விட எட்டு சோலார் பேனலும் ஒரு கன்ட்ரோலரும் வேண்டியிருந்தன. அவற்றை வாங்கிய அன்று அக்காவின் தொழுவத்தில் இரண்டு முளைக்குச்சிகள் காலியாயின. மூன்றாவது மாட்டுக்கும் இன்று மூன்று மணிக்கு ஆள் வருவதாக ஏற்பாடு.

காரணம் ஒரு சிவப்பு விளக்கு. காலையெல்லாம் ஒழுங்காக ஓடும் பம்பு, உச்சி வெயில் ஏறியதும் நின்றுவிடும். கன்ட்ரோலரில் ‘தண்ணீர் இல்லை’ என்று விளக்கு எரியும். அரைமணி கழித்துத் தானாகக் கிளம்பும், மறுபடி நிற்கும். தக்காளி பூ எடுத்திருக்கிற நேரம். பாதித் தண்ணீரில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

“கிணறு வத்திப்போச்சுக்கா. விளக்கே சொல்லுது” என்றான் தம்பி. அவனுக்கு வீட்டில் கணக்குப்புலி என்று பெயர். எதை வாங்கினாலும் விலை குறைக்காமல் வாங்கியதில்லை; வாங்கியது எதுவும் ஒரு வருஷத்தைத் தாண்டியதுமில்லை. கிணற்றுக்குள் துளை போட்டு நூறடி இறக்க ஓர் ஆளைப் பிடித்து, அக்கா பணத்திலிருந்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். மீதிப் பணத்துக்குத்தான் மாடு.

அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று பம்பு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். அவர் பதினொரு மணிக்கு வந்தார்.

“அந்த சென்சாரப் பிடுங்கிப் போடுங்க. சனியன், அதுதான் நிறுத்துது” என்றான் கணக்குப்புலி.

“தண்ணி இல்லாம ஓடி பம்பு கருகிடக் கூடாதுன்னு குழாய் வாயில வெச்சது அது. பிடுங்கினா, விளக்கு எரியாது. பம்புதான் எரியும்.”

“பேனல் வித்த கம்பெனிக்காரனே காலையில வந்து வோல்டேஜ் பார்த்தான். ஜம்முனு இருக்குன்னுட்டான்.”

“பம்பு ஓடும்போதா பார்த்தாரு?”

“நிறுத்திட்டுத்தான். எதுக்கு வீண் ரிஸ்க்கு?”

மெக்கானிக் கயிற்றில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார். மேலே இழுத்தபோது கயிற்றின் கீழ்ப்பாதி, நாலு ஆள் உயரத்துக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“அக்கா, இவ்வளவு தண்ணிய வெச்சுக்கிட்டு யாரு உங்கள வறட்சின்னு சொன்னது?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி வானத்தைப் பார்த்தான்.

பிறகு மெக்கானிக் கன்ட்ரோலர் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கொரு முறை அதில் தெரிந்த வோல்டேஜ் எண்ணை உரக்கப் படித்தார். இருநூற்றுத் தொண்ணூறு. இருநூற்று அறுபது. பன்னிரண்டு மணிக்கு நூற்றுத் தொண்ணூறு. பம்பின் சத்தம் தணிந்தது. குழாயில் விழுந்த தண்ணீர் விரல் அளவாகி, நூலாகி, நின்றது. சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து பம்பும் நின்றது. நின்ற மறு நொடி எண் முந்நூற்று முப்பதுக்கு ஏறியது.

“பார்த்தீங்களாக்கா? சும்மா இருந்தா ஜம்முனு இருக்கு. வேலை சொன்னா படுத்துக்குது.” அவர் கணக்குப்புலி பக்கம் திரும்பவில்லை, ஆனால் அக்கா சிரித்துவிட்டாள். “காலையில கொஞ்சம் கரண்டுதான் போகுது. மத்தியானம் முழுசா போகும்போது ஏதோ ஒரு ஜாயின்ட் தாங்கல, அங்கயே வோல்டேஜ் விழுந்திடுது. பம்பு மெதுவா சுத்துது, தண்ணி மேல ஏறல. சென்சார் இருக்கறது குழாய் வாயில. அங்க தண்ணி வரலன்னு அது சொன்னது நிஜம். கிணத்துல இல்லன்னு அது சொல்லவே இல்ல.”

பேனல்களுக்கு அடியில் குனிந்து, ஒயர்களை இணைக்கும் ஒவ்வொரு கனெக்டர் அருகிலும் புறங்கையைக் காட்டிக்கொண்டே போனார். ஐந்தாவது பேனலுக்கும் ஆறாவது பேனலுக்கும் நடுவில் கையை வெடுக்கென்று எடுத்தார். அங்கே பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, பிறகே பிரித்தார். இழுக்காமலே கழன்றது. ஒரு பாதி ஒரு கம்பெனி, மறு பாதி வேறு கம்பெனி. உள்ளே ஒயரைக் குறடால் நசுக்கி வைத்திருந்தது.

“இத யாரு மாட்டினது?”

“நான்தான்” என்றான் கணக்குப்புலி, கொஞ்சம் பெருமையோடு. “செட்டா வாங்கினா அநியாய விலை. தனித்தனியா பேசிப் பாதிக்கு முடிச்சேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுதே.”

“போகும். எட்டுப் பேனலும் வரிசையா ஒரே ஒயர்ல. இந்த ஒண்ணு லூஸானா எட்டும் லூஸுதான்.”

ஒரே கம்பெனி ஜோடியைப் போட்டு, அதற்கென்று உள்ள கருவியால் அழுத்தி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் குழாய் கைப்பருமனுக்குக் கொட்டியது. எண் இருநூற்று எழுபத்தெட்டில் நின்றது. ஒரு மணிக்கும் அங்கேயே நின்றது.

மூன்று மணிக்குக் கயிற்றோடு வந்த மாட்டு வியாபாரியை, அக்கா வாய்க்காலில் கால் கழுவச் சொல்லி, வெறுங்கையோடு அனுப்பினாள்.

கூலி பேசும்போது கணக்குப்புலி வாயைத் திறந்தான். “ஒரு கனெக்டருக்கு இவ்வளவா? கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

“நீ பேசாத” என்ற அக்கா, மெக்கானிக் கேட்ட கூலியை எண்ணிக் கொடுத்தாள். பிறகு கன்ட்ரோலர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அவன் கண்ணெதிரிலேயே எழுதினாள்:

கனெக்டரில் தம்பி மிச்சம் பிடித்தது: நூற்றிருபது.
மெக்கானிக் கூலி, சாமானோடு: எண்ணூறு.
துளை போடுகிறவன் திருப்பித் தர மறுக்கும் அட்வான்ஸ்: பத்தாயிரம்.
வரவு கழிய, தம்பி பெயரில் பாக்கி: பத்தாயிரத்து அறுநூற்று எண்பது. பேரம் கிடையாது.