யார் காதில் கோளாறு

என் கணவர் கம்ப்யூட்டரில் விளையாட உட்கார்ந்தாலே ‘ஙொய்’யென்று ஒரு சத்தம் கேட்கும். சொன்னால், ஹெட்போனைக் கழற்றாமலே, "உன் காதுலதான் கோளாறு" என்பார். காது டாக்டரிடமும் கூட்டிப்போய்ச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார்.

இன்று கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வந்த மெக்கானிக், விளையாட்டைத் திறந்ததுமே காதைத் தேய்த்தார்.

"கிராபிக்ஸ் கார்டு கத்துது சார். அதுல இருக்குற கம்பிச்சுருள்ல கரண்ட் வேகமா ஏறி இறங்குறப்ப சுருள் அதிருது. ஆபத்தில்ல. நொடிக்கு நானூறு படம் வரைஞ்சு தள்ளுது, அறுபதுல நிறுத்திட்டா குறைஞ்சிடும்."

அறுபதில் நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

"கேட்டியா, கார்டுதானாம்" என்றார் கணவர் என்னிடம்.

ஒரு வருடமாக நான் சொன்னது வெறும் புலம்பல். மெக்கானிக் சொன்னதோ வேதவாக்கு.

என் சொட்டு மருந்தை எடுத்து வந்து அவருடைய கீபோர்டின் மேல் வைத்தேன்.

"மிச்சத்தை நீங்க போட்டுக்குங்க."