பங்களாத் துண்டுகள்

ஆனி மாதச் சாரல் குளியலறைக்குள் அடிக்கிறது என்று வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்தவர் கதிரேசனேதான். மிச்சமான ஆணிகளைக் கதவுக்குப் பின்னால் அறைந்து, துண்டு மாட்டவும் இடம் செய்துவிட்டார். இரண்டு வேலை முடித்த பெருமையில் கூடுதலாக ஒரு டம்ளர் டீயும் குடித்தார். வால்பாறை எஸ்டேட் பங்களாவில் பதினோரு வருடமாகச் சமையலும் காவலும் அவர் பொறுப்பு.

ஆடி பிறப்பதற்குள் துண்டுகள் நாறின. அவருக்கு மட்டும் தெரியவில்லை, மூக்கு பழகிப்போயிருந்தது. விருந்தாளிகளைக் கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்கு" என்று சிரித்துவிட்டு, சொந்தத் துண்டில் முகம் துடைத்தார்கள். அத்தனை மரியாதை.

ஆவணியில் ஆபீஸிலிருந்து சீட்டு வந்தபிறகுதான் உறைத்தது. முதலாளியம்மா நாச்சியம்மாள் வருகிறார். துண்டு விஷயத்தில் இன்னொரு புகார் வந்தால் ஆள் மாற்றப்படும்.

துணி வெளுக்கும் மெர்சி துண்டை மூக்கருகே கொண்டுபோய், உடனே தூர நீட்டினாள். "ஏனுங்கண்ணா, வென்டிலேட்டர அடைச்சுப்போட்டீங்க. குளிக்கிற ஆவி எங்கீங்க போகும்? கதவுக்குப் பின்னால நாலு மடிப்பாத் தொங்குனா துண்டு எப்படிக் காயும்?"

"டெட்டால் ஊத்துனனே, அம்மணி."

"நாத்தத்துக்கு வாசனை பூசியிருக்கீங்க."

பலகையைப் பிடுங்கினார். சாரல் அடிக்காதபடி வெளியே சாய்வாகத் தகரம் வைத்தார். குளிக்கிற இடத்திலிருந்து தள்ளி, வென்டிலேட்டருக்கும் கதவுக்கும் நடுவே காற்று ஓடும் சுவரில் இரண்டு கம்பிகள் பொருத்தினார். சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி. கம்பிக்கு ஒரு துண்டு, மடிக்காமல் விரித்து. குளித்து முடித்ததும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டார். துவைத்தவற்றைச் சமையலறை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் காயவைத்தார்.

ஆனால் வெளியே பத்து நாளாக மூடுபனி. திறந்த வென்டிலேட்டர் வழியாக வந்த காற்றே நனைந்திருந்தது. கம்பியில் தொங்கிய துண்டு காய்வதும் காயாததுமாக நின்றது. குளியலறைச் சுவரில் பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகள் கூரைவரை ஏறியிருந்தன. தேய்த்த இடத்தில் மறுநாளே வந்தன.

நாச்சியம்மாள் குளித்துவிட்டு வந்தார். கதிரேசன் கை கட்டி நின்றார்.

"துண்டு எப்படிங்கம்மா இருந்துச்சு?"

"பரவாயில்லீங்க."

"அப்படின்னா நல்லால்லைங்களா?"

அவர் ஈரத்தலையைச் சேலை முந்தானையில் துவட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருசமா எல்லாருமே நல்லாருக்குங்கறாங்கம்மா. நீங்களாச்சும் சொல்லீருங்க."

நாச்சியம்மாள் துவட்டுவதை நிறுத்தினார்.

"கதிரேசு, புகார்ல சொன்ன அளவுக்கு நாத்தம் இல்ல, கொறஞ்சிருக்கு. ஆனா போகல. செவுத்துலயே ஏறிப்போச்சு. உங்க கம்பியெல்லாம் சரிதானுங்க, ரெண்டு மாசம் முந்தியே செஞ்சிருக்கோணும். வார திங்கக்கெழம வேற ஆளு வாரான். நான் வாரதுக்கு முன்னமே ஆபீஸ்ல முடிவு பண்ணிப்போட்டாங்க."