ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்

மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டு ஊருக்கு இர்ஃபானா பஸ் ஏறியதே பலாச்சுளை தின்னத்தான். மொழிபெயர்த்ததற்குக் கூலி வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டியதற்கு யமுனா கொடுத்த விருந்து அது.

யமுனா ஓமானில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு அரபி பேச வரும், படிக்க வராது. போன மாதம் அந்த அம்மாள் இந்தியாவில் வைத்தியம் முடித்து, சர்க்கரை மாத்திரையோடு திரும்பினாள். இவள் லீவில் ஊரில் நின்றுவிட்டாள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் போட்டோ எடுத்து, சேந்தமங்கலத்து அரபி டீச்சர் இர்ஃபானாவிடம் கொடுத்தாள். இர்ஃபானா எச்சரிக்கைகளையெல்லாம் கிதாபு அரபியில், அதாவது ஏட்டு நடையில், அழகு அழகாக எழுதி அனுப்பினாள். அந்த அரபி மேல் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது சுளையை வாயில் போடும்போது அந்த அம்மாளின் கணவர், கிழவர் சாலிமின் குரல்செய்தி யமுனாவின் போனில் வந்தது. விடிகாலையில் மனைவிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியதாம். பேரீச்சம்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்த பிறகு தெளிந்தாளாம். "டீச்சர் எழுதியபடி தினமும் இரவு சாப்பிட்டதும் ஒரு மாத்திரை கொடுக்கிறேன்" என்றார்.

"ராத்திரியா? டாக்டர் காலையிலதானுங்க சொன்னாரு," என்றாள் யமுனா. "அவருக்குக் கண்ணு தெரியாதுங்க டீச்சர். தப்பாப் படிச்சிருப்பாரு." அதையே அரபியில் கிழவருக்கும் பேசி அனுப்பினாள்.

இர்ஃபானா தன் போனில் அந்தப் போட்டோவைத் தேடித் திறந்தாள். பெட்டி மேல் டாக்டர் பேனாவால் 1-0-0 என்று எழுதியிருந்தார். காலை, மதியம், இரவு என்ற வரிசை. எண்ணுக்கு என்ன மொழிபெயர்ப்பு என்று, மருந்துக்கடைக் கவரில் பார்த்த பழக்கத்தில், இடமிருந்து வலமாக அப்படியே அரபி எண்ணில் எழுதிவிட்டாள். அரபி படிக்கிறவர் வலப்பக்கத்திலிருந்துதானே படிப்பார். அவருக்கு அது பூஜ்யம், பூஜ்யம், ஒன்று: இரவில்தான் மாத்திரை. தினம் குழந்தைகளுக்கு அலிஃபை வலப்பக்கம் தொடங்கச் சொல்லித்தருகிறவள் இவள். வெட்கக்கேடு.

பழி கிழவர் மேலேயே கிடக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். ஆமாம், நினைத்தாள். மனுஷிதானே. அதற்குள் கிழவரிடமிருந்து இன்னொரு குரல்செய்தி வந்தது. "எனக்காக டீச்சரிடம் மன்னிப்புக் கேள், மகளே. அவருடைய அரபி எனக்குப் பாதி விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இனி மகன் வந்து கொடுக்கட்டும், என் கண்ணை நம்ப முடியவில்லை."

இர்ஃபானா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். இரண்டு முறை பேசி அழித்தாள். மூன்றாவது முறை கிதாபு அரபி ஒரு சொல்கூட வரவில்லை, எளிய பேச்சு அரபிதான் வந்தது.

"பெரியவரே, இன்று மாத்திரை வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அவர்கள் சொன்ன பிறகு கொடுங்கள். பெட்டியில் இருந்தது இதுதான்: காலையில் ஒரு மாத்திரை, காலைச் சாப்பாட்டோடு. மதியம் கிடையாது. இரவு கிடையாது. வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை." பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் தொடர்ந்தாள். "உங்கள் கண் நன்றாக இருக்கிறது. நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். தப்பாக எழுதியது நான்."

யமுனாவுக்கு எல்லாம் புரிந்தது. பலாத் தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தாள்.