தேனீ ஏட்டய்யா பேட்டியில் இரண்டாவது குரல்

கிளாட்வினுக்கு வீடியோ எடுக்கத் தெரியும், எழுத வராது. அவன் எடுக்கும் பேட்டியைக் கட்டுரையாக்கி வலைப்பூவில் போடுவது என் வேலை. "ஜூடிக்கா, மெஷினே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருது. நீ லேசாத் தட்டிக்கொட்டுனாப் போதும்" என்பான். லேசாவாம்! அவன் மண்டையில்தான் தட்ட வேண்டும்.

இந்தத் தடவை பேட்டி மாரிசாமி அண்ணாச்சியுடையது. ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகிற வழியில் அவருடைய தென்னந்தோப்பு. அதில் இருபது தேனீப் பெட்டிகள். வீடியோவை நாலே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஊரே அவரைத் தேனீ ஏட்டய்யா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மகளிர் குழு, தாங்களும் பெட்டி வைக்கப் போவதாகவும் கையில் வைத்துப் பார்க்க எழுத்தாக வேண்டும் என்றும் கேட்டிருந்தது. நான் ஓர் அளவைத் தப்பாக எழுதினால் அந்தப் பெண்களின் தேனீக்கள் செத்துப்போகும்.

மெஷின் கொடுத்த எழுத்தில் முற்றுப்புள்ளி கிடையாது, யார் பேசுவது என்ற அடையாளமும் கிடையாது. 'மழைக்காலத்துல தேனீக்கு வைக்கிற பாகுக்கு ஒரு கிலோ சீனிக்கு மூணு லிட்டர் தண்ணி இல்ல ஒன்னுக்கு ஒன்னு ஆமா ஒன்னுக்கு ஒன்னு.' மனுசர் தன்னையே திருத்திக்கொள்கிறார் என்று நினைத்து, தப்பை வெட்டிவிட்டுச் சரியை வைத்தேன். 'வந்து', 'என்ன சொல்லுதேன்னா' எல்லாவற்றையும் களைந்தேன். 'உச்சி வெயில்ல பெட்டியத் திறக்கலாம் இல்ல காலைல.' சரி, காலையில். இப்படியே ஏழு தடவை. ஏழாவதில் எனக்குச் சந்தேகம் தட்டியது.

வீடியோவில் கிளாட்வின் இசையைப் போட்டு அமுக்கியிருந்தான். அவனைத் திட்டி, இசை சேர்க்காத ஒலியை வாங்கி ஹெட்போனில் கேட்டேன். 'இல்ல' என்று சொன்னது அண்ணாச்சி இல்லை! தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல். அவர் மனைவி, ஆவுடையம்மாள் மதினி. அவள் திருத்த, அண்ணாச்சி அதைத் திருப்பிச் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்து வரிக்கு வரி யார் சொன்னது என்று பெயர் போட்டேன். வணக்கமும் ஸ்டேஷன் கதைகளும் சிரிப்பும் அண்ணாச்சியுடையவை. உருப்படியான அளவு, நாள், நேரம் அத்தனையும் மதினியுடையவை.

"அவர் பேரை எடுத்தா மனுசன் நொறுங்கிப்போவாருக்கா" என்றான் கிளாட்வின். எனக்கும் அதே பயம்தான். ஆனால் சொன்னவள் ஒருத்தி இருக்க, பேர் வாங்குகிறவர் இன்னொருத்தர் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் காலை வரைவை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். பேட்டியில் இல்லாதவற்றை மதினியிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பெட்டியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமல் இருக்க. பெட்டிக்குள் அடை கட்டுகிற மரச்சட்டத்தில் வலை பின்னியிருந்தால் அது மெழுகுப் பூச்சி, உடனே எடுத்துவிட வேண்டும். கையுறைகூட இல்லாமல் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். கேமரா இல்லாததால் கூச்சமில்லாமல் மடமடவென்று பேசினாள்.

பிறகு அண்ணாச்சியிடம் தாளைக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கக் கூடாது. இதுல உள்ளது எல்லாம் மதினி சொன்னது. உங்க பேருல போட எனக்கு மனசு வரல."

விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அந்தப் போலீஸ் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தார்.

"இதக் கண்டுபிடிக்க ஒனக்கு நாலு நாளா தாயி?"

"அப்படின்னா?" என்றேன்.

"கேமராவக் கண்டா அவ அடுப்படிக்கு ஓடிருவா. எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன். ஆனா நான் தப்பாச் சொன்னா மட்டும் அவளுக்குப் பொறுக்காது. அதான் தப்புத்தப்பாச் சொன்னேன்."

"எல்லாமேவா?"

"ராணி எத்தன நாள்ல வெளிய வரும்னு மட்டும் நெசமாவே தெரியாது" என்று சிரித்தார்.

பெட்டிப் பக்கம் நின்ற மதினிக்குக் கேட்டுவிட்டது. சட்டத்தைப் பையக் கீழே இறக்கிவிட்டு வந்தாள்.

"ஏன்யா, இம்புட்டுப் பேரு பாக்க ஒண்ணும் தெரியாதவரு மாதிரி உக்காந்திருந்தீயளா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"பாத்துட்டுப் போகட்டும். நீ சொன்னது நாலு பேருக்குப் போய்ச் சேரணும்லா."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "படமெல்லாம் வேணாம் தாயி. எழுத்துல பேரு மட்டும்னா போட்டுக்க. அவிய பேரையும் சேத்துப் போடு."

"அவரு என்ன சொன்னாருன்னு போட?" என்றேன் வேண்டுமென்றே.

மதினி யோசித்தாள். அண்ணாச்சி தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து, தலைப்புக்குக் கீழே நானே எழுதி அவளிடம் காட்டினேன்.

'சொன்னவர்: ஆவுடையம்மாள். சொல்ல வைத்தவர்: மாரிசாமி.'